தேமா புளிமா: ஐந்து தட்டு, நான்கு அடி, எட்டுக் கட்டம்

"தேமா புளிமா" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவசரம் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். தே… மா… புளி மா. பள்ளியில் யாப்பிலக்கணம் படித்தபோது மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த வாய்பாடுதான். இப்போது அதே சொல்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கைதட்டல் வைத்துச் சொல்லுங்கள். தே, மா, பு, ளி, மா. ஐந்து தட்டு. முதல் இரண்டு தட்டும் நிதானமாக வரும், நடுவில் இரண்டு ஓடும், கடைசியில் ஒன்று வந்து உட்காரும்.

இந்த ஐந்து தட்டை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பாடமே நடத்தலாம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில் உட்காரும் தொடக்கப்பள்ளியில், சில சனிக்கிழமைகள் இதைச் செய்து பார்த்தோம். எனக்கு மிருதங்கம் தெரியாது, பாடவும் வராது. பகலில் கோடு எழுதுகிற ஆள். ஆனால் குழந்தைகளுக்குத் தாளம் எப்படிப் பிடிபடுகிறது என்பது ரொம்ப நாளாக என்னைக் குடைகிற கேள்வி. அங்கே பார்த்ததையும் அதற்கு முன்னும் பின்னும் படித்ததையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்த ஐந்து தட்டு ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஹங்கேரி இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் (1882–1967) பெயரால் வழங்கும் கற்பித்தல் முறையில், குழந்தைக்கு முதலில் வரும் தாளங்களில் ஒன்று "டா டா டிடி டா". டா என்றால் ஓர் அடிக்கு ஒரு ஒலி. டிடி என்றால் ஓர் அடிக்குள் இரண்டு ஒலி. அந்த அசைச்சொற்களின் மூலம் 19-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் எமே பாரி உருவாக்கிய முறை. கோடாயின் வழி வந்தவர்கள் அதை எளிமையாக்கிக்கொண்டார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, நமக்கு இந்த டா டிடி எதற்கு என்பதுதான். தமிழில் நெடில் என்றால் இரண்டு மாத்திரை, குறில் என்றால் ஒரு மாத்திரை. நேர் நேர் என்றால் தேமா. நிரை நேர் என்றால் புளிமா. இரண்டையும் சேர்த்தால் அப்படியே டா டா டிடி டா. மாத்திரைக் கணக்கும் போட்டுப் பாருங்கள்: தே 2, மா 2, பு 1, ளி 1, மா 2. மொத்தம் 8. இந்த எட்டைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மாத்திரை என்பதே உடம்பால் அளந்த அளவுதான். கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று இரண்டைக் காட்டித்தான் தொல்காப்பியம் அதை வரையறுக்கிறது. இன்று கடிகாரத்துக்கு நாம் சொல்லும் "நொடி" விரல் சொடுக்கில் பிறந்த சொல். ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் 1924-இல் மியூனிக்கில் டொரொத்தே குந்தருடன் தொடங்கிய பள்ளியில் உருவான முறையிலும், உடம்பையே கொட்டாக்கும் நான்கு இடங்களில் உச்சியில் இருப்பது விரல் சொடுக்குதான். அதற்குக் கீழே கைதட்டல், தொடைத் தட்டல், கடைசியில் கால் மிதி. ஒலியின் உயரமும் கிட்டத்தட்ட அதே வரிசையில் இறங்கும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையிடம் சொடுக்குப் போடச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்குச் சத்தமே வராது, மீதிப் பேர் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், வகுப்பு அங்கேயே கலைந்துவிடும். அதனால் சொடுக்கை விட்டுவிட்டு தொடை, கை, கால் மூன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

பாடத்தில் முதலில் செய்வது பேசாமல் இருப்பது. தரையில் வட்டமாக உட்கார்ந்து, தொடையில் இரண்டு கையாலும் சீராகத் தட்ட ஆரம்பிக்கிறோம். "இப்ப நான் என்ன பண்றேன்னா" என்று எந்த விளக்கமும் கிடையாது. பிள்ளைகள் தாமாகச் சேர்ந்துகொள்கிறார்கள். இதைத்தான் அடி என்கிறேன். (செய்யுளின் அடி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அடி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் சொல்லை வைக்கிறோம். "தேன்" என்றால் ஓர் அடி. "புளி" என்றாலும் ஓர் அடிதான், ஆனால் அதற்குள் இரண்டு எழுத்து. தேனும் புளியும் இந்த மலையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த பொருள்கள் என்பதால் தனியாக விளக்க வேண்டியதில்லை. தேன் என்பதில் ன்-க்கு அரை மாத்திரை உண்டே என்று புலவர் யாராவது கேட்டால், அசை பிரிக்கும்போது ஒற்றைக் கணக்கில் எடுப்பதில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

சொல்லைத் தேர்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழங்களின் பெயர் எதுவானாலும் சரி என்று நினைத்து "பலா" என்று ஆரம்பித்தால் பாடம் கவிழ்ந்துவிடும். எழுத்து இரண்டுதான், ஆனால் ப குறில், லா நெடில். பிள்ளைகள் காதால் கேட்டபடி லாவை நீட்டுவார்கள், அடுத்த அடி தள்ளிப்போகும். ஆங்கிலப் புத்தகங்களில் ஆப்பிள், பனானா என்று சொல்லித் தாளம் கற்பிக்கும் பாடத்தைத் தமிழில் அப்படியே இறக்குமதி செய்கிறவர்கள் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான். தமிழில் எழுத்தின் எண்ணிக்கையை எண்ணினால் போதாது, அதன் நீளத்தையும் எண்ண வேண்டும்.

தேனும் புளியும் கைவந்த பிறகு "தேமா புளிமா"வை முழுதாக வைக்கிறோம். வாய் சொல்கிறது, தொடை அடி போடுகிறது. இங்கேதான் முதல் சோதனை. வாயில் ஐந்து ஒலி, தொடையில் நான்கு அடி. பிள்ளையின் கையை மட்டும் பாருங்கள். புளி என்னும்போது கை ஒரு தடவை விழுந்தால் அவளுக்கு அடியும் சொல்லும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டு தடவை விழுந்தால் அடி சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது, எல்லோரும் சேர்ந்து தட்டும்போது ஐந்தும் நான்கும் கலந்துவிடும். கையை எண்ணுவதுதான் வழி: நான்கா, ஐந்தா?

ஐந்து விழுகிற பிள்ளையிடம் "அடியை மட்டும் போடு" என்று சொல்லிப் பயனில்லை. அவளைப் பொறுத்தவரை அவள் அடிதான் போடுகிறாள். அடியை வேறு உறுப்புக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிறது. எழுந்து நிற்கச் சொல்லி, அடியைக் காலுக்குக் கொடுங்கள். நின்ற இடத்திலேயே இடது வலது, இடது வலது. நடக்கிற கால் சொல்லுக்காக இரண்டு மடங்கு வேகம் எடுக்காது, உடம்பின் கனம் அதைத் தடுத்துவிடும். சுவிட்சர்லாந்தில் எமில் ஜாக்-டால்குரோஸ், ஜெனீவா இசைக் கல்லூரியில் படிப்பில் கெட்டிக்காரர்களான மாணவர்களுக்கே காலப்பிரமாணம் நிற்காததைப் பார்த்து, அவர்களை நடக்க வைத்தே தன் முறையைத் தொடங்கினார். காலில் அடி நின்ற பிறகு, கை சொல்லைத் தட்டலாம். நான்கு காலடி, ஐந்து கைதட்டல், ஒரே பிள்ளையின் உடம்பில்.

ஒரு சின்ன நடைமுறை விஷயம். இருபது பிள்ளைகள் சிமெண்ட் அறைக்குள் முழுக்கையால் தட்டினால் எதிரொலியில் புளியின் இரண்டு தட்டும் ஒன்றாகக் குழைந்துவிடும். இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டச் சொன்னால் ஒலி தெளியும், கையும் சிவக்காது. மழை இல்லாத நாளில் வெளியே மரத்தடிக்குப் போய்விடுவது இன்னும் நல்லது.

இனி எழுதுவது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெட்டி, கோடு எதையும் காட்டாமல், வெறும் தாளும் கிரேயானும் கொடுத்து "நாம தட்டினதை வேற ஊர்ப் பிள்ளை பார்த்துத் தட்டுற மாதிரி வரைஞ்சு காட்டுங்க" என்று கேட்டோம். நிறையத் தாள்களில் வந்த படம் ஒன்றுதான்: பெரிய வட்டம் இரண்டு, பக்கத்தில் சின்ன வட்டம் மூன்று.

முதலில் பார்த்தால் தப்பு என்றுதான் தோன்றும். தே, மா நெடில், அதனால் பெரிய வட்டம். பு, ளி குறில், சின்ன வட்டம். கடைசி மாவும் நெடில்தானே? அது ஏன் சின்னதாக இருக்கிறது?

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வேலை செய்த ஜீன் பாம்பர்கர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் பிள்ளைகளிடம் கேட்டதும் இதே ஐந்து தட்டுத் தாளம்தான். இரண்டு நிதானம், இரண்டு வேகம், ஒன்று நிதானம். அவருக்கும் இரண்டு வகைப் படங்கள் வந்தன. ஒன்று பெரிது பெரிது, சின்னது சின்னது, பெரிது. இன்னொன்று பெரிது இரண்டு, சின்னது மூன்று. முதலாவது காலத்தை அளக்கிறது. இரண்டாவது கை எப்படி ஓடியது என்பதைப் பதிகிறது. உங்கள் கையாலேயே தட்டிப் பாருங்கள்: மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது தட்டு மூன்றும் ஒரே ஓட்டத்தில் வரும். ஐந்தாவது அந்த ஓட்டத்தின் முடிவு. அதை நிதானத் தட்டுகளோடு சேர்க்க உடம்பில் எந்தக் காரணமும் இல்லை. 1991-இல் வந்த தன் புத்தகத்தில் பாம்பர்கர் இந்த இரண்டு படங்களையும் இரண்டு வகைக் கேள்வியாகவே வைக்கிறார். இரண்டாவதைப் பிழை என்று ஒதுக்குவதில்லை.

இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. புரோகிராமராக இருப்பதால் எனக்கு இது சட்டென்று பட்டது. கைதட்டலுக்கு நீளமே கிடையாது. ஒலித்தவுடன் செத்துவிடும். ஒரு தட்டு "நீளம்" என்று நாம் சொல்வது, அடுத்த தட்டு வரும்வரை காத்திருக்கிற நேரத்தைத்தான். தேமா புளிமா என்று ஒரே தடவை தட்டிவிட்டு நிறுத்தினால் ஐந்தாவது தட்டுக்கு அடுத்த தட்டே இல்லை. ஆகவே அது நெடிலா குறிலா என்பதைக் காதால் அறிய வழியில்லை. அதுவரை நாங்கள் வரையச் சொன்னபோதெல்லாம் ஒரு தடவை தட்டிக் காட்டிவிட்டு நிறுத்தியிருந்தோம். பிள்ளைகள் கேட்டதைத்தான் வரைந்தார்கள். தேமா புளிமா தேமா புளிமா தேமா புளிமா என்று நிறுத்தாமல் சுற்றவிட்டு, காலில் அடியும் வைத்து, பிறகு வரையச் சொன்னபோது சில படங்களில் கடைசி வட்டம் வளர்ந்தது. எல்லாப் படங்களிலும் இல்லை. வளரவில்லை என்பதற்காக அந்தப் படத்தில் சிவப்பு மை போடுவது அநியாயம்.

அந்தப் படத்தை மாற்றச் சொல்லாமல், அதன் பக்கத்தில் இன்னொன்றை வைக்கலாம். அதற்குத்தான் கட்டம். சாக்பீஸால் தரையில் எட்டுக் கட்டம் வரிசையாகப் போடுகிறோம். ஒரு கட்டம் ஒரு மாத்திரை. ஒலி பிறக்கும் கட்டத்தில் ஒரு புளியங்கொட்டை. ஒலி இல்லாத கட்டம் காலி. தே என்பது கொட்டையும் காலியும். மா அதே மாதிரி. பு ஒரு கொட்டை, ளி ஒரு கொட்டை. கடைசி மா, கொட்டையும் காலியும்.

```
கட்டம்   1 2 3 4 5 6 7 8
கொட்டை  x . x . x x x .
கால்     x . x . x . x .
```

எட்டு மாத்திரை, எட்டுக் கட்டம். பைனரி பார்த்துப் பழகியவர்களுக்கு `10101110` என்று உடனே தெரியும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. கலிஃபோர்னியாவில் ஃபிலிப் ஹார்லண்ட் 1962-இல் ஆப்பிரிக்கக் கொட்டுகளைக் கற்பிக்க இந்தக் கட்டமுறையை அமைத்தார். மேற்கத்திய இசைக்குறியீட்டில் நேரமும் ஒலியும் ஒரே குறிக்குள் அடங்கியிருக்கும். கட்டத்தில் நேரம் தரையில் இருக்கிறது, ஒலி கொட்டையில் இருக்கிறது. பல்லாங்குழி ஆடிய கைகளுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

கொட்டைக்கு முன் கட்டம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. கொட்டையை முதலில் அடுக்கச் சொன்னால் பிள்ளைகள் ஐந்தையும் நெருக்கி ஒரே வரியாக வைப்பார்கள், பிறகு கட்டம் போட இடமே இருக்காது. அடுக்கியதும் ஒரு பிள்ளை விரலைக் கட்டம் கட்டமாக நகர்த்த, மற்றவர்கள் கொட்டை இருக்கும் கட்டத்தில் மட்டும் தட்டுகிறார்கள். விரல் சீராக நகர வேண்டும். காலிக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தால் பாடம் போச்சு.

குதிக்கத்தான் செய்வார்கள். அதுவும் எட்டாவது கட்டத்தில். இதுதான் இந்தப் பாடத்தில் அதிகம் நடக்கும் பிழை. ஐந்தாவது தட்டு முடிந்ததும் சொல் முடிந்தது, வேலையும் முடிந்தது என்று கை அடுத்த தேவுக்கு ஓடிவிடுகிறது. ஒரு பையன் விரலை ஏழிலிருந்து நேராக ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனான். பக்கத்தில் இருந்தவள், "சார், இவன் ஒரு வீட்டுக்குள்ள போகாமலே ஓடுறான்" என்றாள். இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

காதுக்குக் கேட்காவிட்டால் அளந்து பார்க்கலாம். போனில் பதிவு செய்து ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஒவ்வொரு தட்டும் ஒரு முள் மாதிரி நிற்கும், இடைவெளியை அளந்துகொள்ளலாம். நிமிடத்துக்கு 120 அடி என்று வையுங்கள். ஓர் அடி 500 மில்லி விநாடி, ஒரு கட்டம் 250. சரியாகத் தட்டினால் இடைவெளிகள் 500, 500, 250, 250, 500 என்று வந்து மொத்தம் 2000 ஆகும். எட்டாம் கட்டத்தைத் தாண்டினால் கடைசி 500 பாதியாகி மொத்தம் 1750. அப்போது தாளம் எட்டுக்குப் பதில் ஏழில் சுற்றுகிறது. ஏழு என்றால் நம் கர்நாடக இசையில் மிஸ்ரம், வித்வான்கள் உழைத்துப் பிடிக்கிற எண். பிள்ளைகள் போகிற போக்கில் பிடித்துவிட்டார்கள் என்று சந்தோஷப்படலாம். ஆனால் நாம் கேட்டது அதுவல்ல. தவிர எல்லோரும் ஒரே இடத்தில் குதிப்பதில்லை. அதனால் இரண்டு சுற்றுக்குள் வகுப்பு சிதறிவிடும்.

வெறும் மௌனத்தை ஆறு வயதுப் பிள்ளையால் பிடித்து வைத்திருக்க முடியாது. செய்வதற்கு ஏதாவது வேண்டும். இந்தச் சிக்கலுக்கு விடை நம் கச்சேரி மேடையிலேயே இருக்கிறது. ஆதி தாளம் போடுகிற கையைக் கவனியுங்கள். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, ஒரு தட்டு, ஒரு வீச்சு, ஒரு தட்டு, ஒரு வீச்சு. எட்டில் சத்தம் கேட்பது மூன்றுதான். மீதி ஐந்தும் சத்தமில்லாத செய்கைகள். சசப்தக் கிரியை, நிசப்தக் கிரியை என்று அவற்றுக்குப் பெயரே உண்டு. காலி நேரத்தை வெறுமனே காத்திருந்து கடத்தாமல், அதற்கு ஒரு அசைவைக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் விரல் எண்ணிக்கையை விட்டுவிட்டு வீச்சை மட்டும் எடுத்துக்கொண்டோம். காலிக் கட்டம் வந்தால் உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டு. எட்டாவது கட்டத்தில் கை திரும்பியே ஆக வேண்டும், திரும்பிய கை தட்டுவதற்கு மறுபடி புரள வேண்டும். அந்தப் புரளலுக்கு ஆகும் நேரமே காலிக் கட்டத்தைப் பிடித்து நிறுத்துகிறது. கையைத் திருப்பாமல் "மனசுக்குள்ள எண்ணுங்க" என்று சொன்னால் நடப்பதில்லை.

வேகம் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பெரியவர்கள் நிறையப் பேர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள், அதனால் மெதுவாக ஆரம்பிக்கலாம் என்பது இயல்பான எண்ணம். மெதுவான தாளம்தான் பிள்ளைகளுக்குக் கடினம். "உன் இஷ்டத்துக்குத் தட்டு" என்று சொன்னால் பெரியவர்கள் தட்டுகிற இடைவெளி ஏறத்தாழ 600 மில்லி விநாடி. சின்னப் பிள்ளைகள் அதைவிட வேகமாக, 400 பக்கத்தில் தட்டுவார்கள். வயது ஏற ஏற இந்த இடைவெளி நீளும். 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளை வைத்து கரோலின் டிரேக்கும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது. வேகமான தாளத்தோடு ஒட்டிக்கொள்கிற பிள்ளை, ஓர் அடிக்கு ஒரு விநாடி என்று நீட்டினால் இடையில் தொலைந்துபோகும். அதனால் வேகத்தை நாங்கள் முடிவு செய்யவில்லை. மைதானத்தில் சும்மா நடக்கவிட்டு, பெரும்பாலான கால்கள் விழுகிற வேகத்தை எடுத்துக்கொண்டோம். அது எனக்குச் சௌகரியமான வேகத்தைவிடக் கூடுதல். பெரியவர்கள்தான் ஓட வேண்டியிருந்தது.

வேகம் நிற்க மெட்ரோனோம் செயலி வைத்தால் என்ன என்று கூட வந்த நண்பர் கேட்டார். எனக்கும் ஆசைதான், மெஷின் என்றால் நம்பிக்கை. ஆனால் லைப்சிக்கில் செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டொமசெல்லோவும் 2009-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதில் தெளிவாக இருக்கிறது. இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுப் பிள்ளைகளிடம் கொட்டைக் கொடுத்து, எதிரில் ஒரு ஆள் கொட்டடிப்பது, ஒரு இயந்திரம் கொட்டடிப்பது, ஒலிபெருக்கியில் சத்தம் மட்டும் கேட்பது என்று மூன்று விதமாக வைத்தார்கள். ஆள் எதிரில் இருந்தபோதுதான் எல்லா வயதினரும் நன்றாகச் சேர்ந்து தட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் அவர்களைவிடப் பெரியவர்கள் என்றாலும், செயலியைப் பைக்குள் போட்டுவிட்டோம். கோயில் திருவிழாவில் பம்பைக்காரர் முன்னால் நின்று ஆடுகிற பிள்ளையைப் பார்த்திருந்தால் இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை.

கட்டம் எல்லாவற்றையும் காட்டாது. ஒலி எங்கே பிறக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று சொல்லாது. தட்டுக்கும் கொட்டுக்கும் அது போதும், பாட்டுக்குப் போதாது. நீட்டிப் பாடுகிற சுரத்தையும், வெட்டி நிறுத்துகிற சுரத்தையும் அதில் பிரித்துக் காட்ட முடியாது. எந்தத் தட்டு ஓங்கி விழ வேண்டும் என்பதும் இல்லை. அதற்காகப் பெரிய கொட்டை, சின்னக் கொட்டை என்று ஆரம்பித்தோம், பிள்ளைகள் பெரிய கொட்டைக்குச் சண்டை போட்டதால் விட்டுவிட்டோம்.

எழுதியது புரிந்ததா என்று பார்க்க நல்ல சோதனை, ஒரு குழு அடுக்கியதை இன்னொரு குழு வாசிப்பது. எல்லோருக்கும் தேமா புளிமா மனப்பாடம் என்பதால், கட்டத்தைப் பார்க்காமலே தட்டிவிடுவார்கள். அதனால் அடுக்கிய பிறகு வாசிக்கிற குழுவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு கொட்டையை மட்டும் இடம் மாற்றுகிறோம். ஆறாம் கட்டத்தில் இருப்பதை இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டுபோனால் புளிமா தேமா மாதிரி ஆகிவிடும். கண்ணைத் திறந்ததும் பழைய தாளத்தைத் தட்டுகிறவர்கள் நினைவிலிருந்து தட்டுகிறார்கள். ஒரு நொடி தயங்கி, பிறகு புதிதைத் தட்டுகிறவர்கள் வாசிக்கிறார்கள். அந்தத் தயக்கத்தைப் பார்க்கத்தான் இவ்வளவும்.

இதற்கு அடுத்த படியாக, ஒதுக்கி வைத்த பலாவை உள்ளே கொண்டுவந்தோம். அதற்கு ஜோடி சாமை, மலையில் எல்லா வீட்டிலும் விளையும் தானியம். சாமை என்பதில் சா இரண்டு மாத்திரை. சொல்லின் கடைசியில் நிற்கும் ஐ குறுகிவிடுவதால் மை ஒன்று. பலாவில் ப ஒன்று, லா இரண்டு. சாமை பலா என்று சேர்த்தால் ஆறு கட்டம், ஓர் அடிக்கு மூன்று கட்டம், அதாவது திஸ்ரம்.

```
கட்டம்   1 2 3 4 5 6
கொட்டை  x . x x x .
கால்     x . . x . .
```

கொட்டை வரிசையைப் பாருங்கள், மூன்று முதல் ஆறு வரை அப்படியே புளிமா மாதிரி இருக்கிறது. கைக்கும் அதே ஆசை வருகிறது. இரண்டு கட்டத்துக்கு ஒரு காலடி வைத்துப் பழகிய பிள்ளைகள் மூன்றாம் கட்டத்தில் காலை வைத்துவிடுகிறார்கள், ஆறுக்குள் மூன்று காலடி வந்துவிடுகிறது. கொட்டையில் தவறே இல்லை, கால் மட்டும் வேறு தாளத்தில் நடக்கிறது. ஒன்றாம் கட்டத்தையும் நான்காம் கட்டத்தையும் மட்டும் சாக்பீஸால் நிரப்பித் தீட்டி, "வெள்ளைக் கட்டத்தில் கால்" என்று சொன்ன பிறகு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்கு நின்றது. ஒன்றாம் வகுப்பை இன்னும் எட்டிலேயே விட்டுவைத்திருக்கிறோம்.